கொய்யா பழுக்கும் முன் ஒரு தேதி

அந்தப் பட்டறைக்காரரின் பேச்சை இன்று யாராவது எடுத்தாலும் எனக்குக் காது சூடாகிவிடும். மரியாதையான மனிதர். நெற்றியில் விபூதி, பேச்சுக்குப் பேச்சு "மேடம்", போனை எடுத்தவுடன் "சாப்பிட்டீங்களா?" என்ற விசாரிப்பு. இப்படிப்பட்டவர்களிடம்தான் நான் வாழ்க்கையில் அதிகம் ஏமாந்திருக்கிறேன். முரட்டு ஆளாக இருந்தால் முதல் நாளே உஷாராகியிருப்பேன்.

ரெட்டியார்சத்திரத்தில் பழனி ரோட்டை ஒட்டி ஒரு பழைய ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, நானும் ஒரு தம்பியும் கூட்டாகக் கொய்யாக்கூழ் எடுக்கும் தொழில் தொடங்கினோம். தம்பி என்றால் கூடப்பிறந்தவன் இல்லை. திண்டுக்கல் பக்கம் ஒரு நூல் மில்லில் நான் கொள்முதல் பிரிவில் இருந்தபோது அவன் ஸ்டோரில் இருந்தான். ஒட்டன்சத்திரத்துக்காரன். நாங்கள் திண்டுக்கல் டவுன் முஸ்லிம் குடும்பம். எங்கள் வீட்டு ஆண்கள் ஹல்வாவும் பழச்சாறும் விற்றுப் பிழைப்பவர்கள். கூழ் எங்கே விலைபோகும் என்பது எனக்குத் தெரியும், மெஷின் எப்படி ஓடும் என்பது அவனுக்குத் தெரியும். போதாதா என்று நினைத்தோம்.

பழத்துக்கு ஆயக்குடியில் ஒரு தோட்டக்காரரைப் பிடித்திருந்தோம். எங்கள் வீட்டுக் கடைக்குப் பல வருடமாகப் பழம் கொடுத்தவர். இதில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஆயக்குடிக் கொய்யாவை முழுதாகப் பழுக்கும் முன்பே, செங்காயாகத்தான் பறிப்பார்கள். கெட்டியாக இருந்தால்தான் பெட்டியில் அடுக்கி லாரியில் ஏற்றி வெளியூருக்கு அனுப்ப முடியும். கூழுக்கு அது ஆகாது. மரத்திலேயே பழுத்து, மணம் வந்து, விரலால் அமுக்கினால் குழிய வேண்டும். அப்படிப் பழுத்த பழத்தை எந்த லாரிக்காரனும் தொடமாட்டான், ஒரு ராத்திரி தாங்காது. ஆக, எங்களுக்காகப் பழுக்க விடும் தோட்டத்துக்கு எங்களை விட்டால் வேறு வழி கிடையாது. ஆவணியில் பழுக்கும் காய்ப்பு முழுவதையும் எங்களுக்கே விடுகிறேன் என்று அவர் ஒத்துக்கொண்டார். வழக்கமாக எடுக்கும் கமிஷன் மண்டிக்காரரிடம் "இந்த வாட்டி இல்லீங்க" என்று சொல்லிவிட்டார். எல்லாம் வாய்ப்பேச்சு. "மெஷின் வந்துருங்களா அம்மணி?" என்று கேட்டார். "வந்துரும்ண்ணே" என்றேன்.

மெஷினைக் கோவையில் ஒரு பட்டறையில் செய்யச் சொல்லியிருந்தோம். பழத்தை அரைத்து விதையையும் தோலையும் தனியே தள்ளிக் கூழை மட்டும் விடுகிற மெஷின். மில்லில் பல வருடம் ஆர்டர் போட்ட கை என்பதால் ஆர்டர் கடிதத்தை நான் ஒழுங்காகத்தான் எழுதினேன். நாற்பது சதவீதம் முன்பணம், ஐம்பது மெஷினைப் பார்த்துவிட்டு அனுப்பும்போது, கடைசிப் பத்து எங்கள் ஷெட்டில் ஓட்டிக் காட்டிய பிறகு. ஆனி முடிவுக்குள் வந்து சேர வேண்டும். தாமதமானால் வாரத்துக்கு அரை சதவீதம் நஷ்டஈடு, அதிகபட்சம் ஐந்து. அந்த வரியைப் படித்தபோது பட்டறைக்காரர் சிரித்தார். "நம்மகிட்ட அதுக்கெல்லாம் வேலையே இருக்காதுங்க மேடம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

ஆனி முடிந்தது. மெஷின் வரவில்லை. போன் செய்தால் "ஃபினிஷிங்ல இருக்குங்க மேடம்." மறுபடி செய்தால் "மோட்டார் வந்துருச்சு, மாட்ட வேண்டியதுதானுங்க." வாட்ஸ்அப்பில் கேட்டால் ஒரு கும்பிடு படம். மூன்றாவது கும்பிடு படத்தில் எனக்கு ரத்தம் கொதித்தது. கும்பிடுவதற்கு நான் என்ன அம்மனா? தம்பியிடம் புலம்பினால் அவன், "வந்துருங்க்கா, அவரு ஏமாத்துற ஆளு இல்லீங்க்கா" என்பான். எனக்கு என்னவோ இவன் அளவுக்கு மீறி அமைதியாக இருப்பதாகப் பட்டது. ஆனாலும் சந்தேகப்படவில்லை.

ஆவணி பிறந்து ஒரு வாரம் ஆனதும் உட்கார்ந்து கடிதம் எழுதினேன். மில்லில் இந்த மாதிரிக் கடிதத்தை ஆங்கிலத்தில்தான் எழுதுவோம், அதில் பத்து இடத்தில் 'தயவுசெய்து' வரும். என் கோபத்துக்கு அது தோதுப்படவில்லை, தமிழிலேயே எழுதினேன். முதல் வரைவில் "எங்களை என்ன கேனச்சிறுக்கி என்று நினைத்தீர்களா" என்ற தொனியில் இரண்டு பத்தி வந்துவிட்டது. எழுதியவரைக்கும் மனசு குளிர்ந்தது. பிறகு அதை அழித்துவிட்டு, ஆர்டர் எண், ஒத்துக்கொண்ட நாள், வராமல் போனது, ஆனி முடிவிலிருந்து இத்தனை வாரத்துக்கு இவ்வளவு நஷ்டஈடு, உறுதியான புதிய தேதியை எழுத்தில் தர வேண்டும் என்று சுருக்கமாக எழுதி மின்னஞ்சலிலும் ஒப்புகைச் சீட்டுடன் தபாலிலும் அனுப்பினேன்.

பதில் வந்தது. அதுவும் மரியாதையான பதில்தான். "தங்கள் தரப்பின் வேண்டுகோளின்படியே ஆடி மாதத்தில் மெஷினை இறக்காமல் நிறுத்தி வைத்தோம். எனவே தாமதம் எங்களுடையது அல்ல. நஷ்டஈடு கோருவது முறையாகாது."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஆடியில் இறக்க வேண்டாம் என்று நான் சொன்னேனா? எங்கள் வீட்டில் ஆடிக்கும் ஆவணிக்கும் காற்று மட்டும்தான் வித்தியாசம். அண்டப்புளுகு என்று கத்திக்கொண்டே தம்பியிடம் போனைக் காட்டினேன். அவன் படித்தான். முகம் செத்துவிட்டது.

"ஏன் தம்பி, என்ன முழிக்கிற?"

"அக்கா... அவரு எனக்குப் போன் பண்ணினாருங்க்கா. ஆனி கடைசில."

"பண்ணி?"

"'ஆடி பொறக்குதுங்களே, ஆடியில மெஷின் இறக்கினா நல்லாவாங்க இருக்கும்'னு கேட்டாரு. நானும், 'ஆமாங்க, ஆடி போகட்டுங்க, ஆவணி ஒண்ணாந்தேதி அனுப்பிருங்க'ன்னு சொல்லீட்டனுங்க்கா. புது மெஷினு, நல்ல மாசத்துல இறங்கட்டும்னு..."

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"நீங்க கத்துவீங்கன்னுதானுங்க்கா."

கத்தினேன். ஷெட் அதிர்கிற மாதிரி கத்தினேன். பக்கத்து மரக்கடையில் அறுக்கும் மெஷினை நிறுத்திவிட்டு இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். ஆடியில் புதுச் சாமான் இறக்கக்கூடாது என்று அவன் நம்புவதில் எனக்கு ஒரு கோபமும் இல்லை, எங்கள் வீட்டிலும் சில நாளில் சில காரியம் செய்யமாட்டோம். என்னைக் கேட்டிருந்தால் நானே அந்த ஒரு மாதத்தைத் தேதி போட்டு எழுதிக் கொடுத்திருப்பேன். எனக்கு வயிறெரிந்தது அந்தப் பட்டறைக்காரரை நினைத்துத்தான். என்னிடம் பேசினால் மாட்டுவோம் என்று தெரிந்து, நேராக இவனுக்குப் போன் போட்டு, இவன் வாயாலேயே சொல்ல வைத்து, அதை ஒரு மாதம் பொத்தி வைத்திருந்து, கடிதம் போனவுடன் எடுத்து நீட்டுகிறார். இம்புட்டு சாமர்த்தியத்தை மெஷின் செய்வதில் காட்டியிருந்தால் ஆனியிலேயே வந்து இறங்கியிருக்கும்.

செத்த நேரம் கழித்துத் தம்பி மெதுவாகச் சொன்னான்: "நான் சொல்லவே இல்லைன்னு எழுதிருங்க்கா. போன்ல பேசினதுதானுங்களே. அவருகிட்ட என்ன சாட்சி இருக்குது?"

எனக்கும் அந்த நினைப்பு வந்ததை மறைக்கப்போவதில்லை. ஆனால் மில்லில் நான் எதிர்த்தரப்புக் கடிதங்களை வருடக்கணக்கில் படித்தவள். ஒரு வரி பொய் என்று தெரிந்தால் மற்ற ஒன்பது வரியையும் படிக்கவே தோன்றாது. அதோடு, பொய் சொல்லித்தான் இவரிடம் நியாயம் கேட்க வேண்டும் என்றால் அந்த அவமானம் எனக்கு வேண்டாம்.

"வாயை மூடிட்டுக் கிளம்பு. கோயமுத்தூர் போறோம்" என்றேன்.

சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிப் போய்ப் பட்டறை வாசலில் நின்றோம். அவர் பதறிப்போய் டீ வாங்கிவரச் சொன்னார். டீ வேண்டாம், மெஷினைக் காட்டுங்கள் என்றேன். பட்டறையின் மூலையில் கூட்டிப்போய்க் காட்டினார். நான்கு காலும் ஒரு சட்டமும் நின்றன. அம்புட்டுத்தான். மோட்டார் கிடையாது, சல்லடை கிடையாது, பழம் போடும் வாய்கூட வெட்டப்படவில்லை. தம்பி சுற்றிச் சுற்றி வந்து போட்டோ எடுத்தான்.

"ஆடிக்காகத்தான் நிறுத்தி வச்சீங்களோ?" என்று கேட்டேன்.

"ஸ்டீல் வர லேட்டாயிருச்சுங்க மேடம். உங்களுக்குத் தெரியாததா, ஆளும் கிடைக்கறதில்லை..."

"அப்ப அந்தப் பதில் கடிதத்துல ஸ்டீலைப் பத்தி எழுதியிருக்கணும். ஆடி மேல ஏன் பழியப் போட்டீங்க?"

"சாப்பிட்டுப் போங்க மேடம்" என்றார். அந்த மனிதரின் பொறுமையைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் கோபம் அவர் மேல் பட்டு வழுக்கிக்கொண்டு போனது.

திரும்பி வரும்போது பழனி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் இரண்டாவது கடிதத்தை எழுதினேன். ஆடி மாதத்தை நாங்களே கழித்தோம். "எங்கள் கூட்டாளி தொலைபேசியில் கேட்டுக்கொண்டது உண்மை. ஆகவே ஆடி மாதத்துக்கு நாங்கள் நஷ்டஈடு கோரவில்லை. ஆனால் அவர் குறிப்பிட்ட ஆவணி முதல் தேதியைத் தாங்கள் ஏற்றுக்கொண்டீர்கள். இன்று நேரில் பார்த்தபோது மெஷினின் சட்டம் மட்டுமே இருந்தது, புகைப்படம் இணைத்துள்ளோம். எனவே ஆவணி முதல் தேதியிலிருந்து ஒப்பந்தப்படி நஷ்டஈடு கணக்காகும்." அதன் கீழே உறுதியான புதிய தேதியைக் கேட்டேன். "விரைவில்", "கூடிய சீக்கிரம்" போன்ற சொற்களை ஏற்கமாட்டோம், நாள், மாதம், வருடம் வேண்டும் என்று எழுதினேன். அந்தத் தேதியும் தவறினால் ஆர்டரை ரத்து செய்து, முன்பணத்தை வட்டியோடு திரும்பப் பெற்று, வேறிடத்தில் மெஷின் வாங்கி, கூடுதலாகும் செலவையும் தங்களிடமே வசூலிப்போம். இனி எங்கள் இருவரின் கையெழுத்தும் உள்ள கடிதம் தவிர வேறு எந்த வாய்ப்பேச்சும் எங்களைக் கட்டுப்படுத்தாது. இந்தக் கடைசி வரியை எழுதியபோது தம்பி தலையைக் குனிந்துகொண்டான். எழுதட்டும் என்றுதான் அவனும் இருந்தான்.

இந்த முறை பட்டறைக்காரரிடமிருந்து விபூதிப் பேச்சு இல்லாமல் பதில் வந்தது. புரட்டாசியில் ஒரு தேதி போட்டிருந்தார். ஆவணிக் கணக்குப்படி அன்றைக்கு ஆறு வாரத் தாமதம். நஷ்டஈட்டைப் பற்றி "பேசிக்கொள்ளலாம்" என்று மட்டும் எழுதியிருந்தார். பேசிக்கொள்ள ஒன்றுமில்லை என்று ஒரு வரியில் திருப்பி அனுப்பினேன்.

தேதி கிடைத்துவிட்டது என்று எனக்குள் ஒரு கர்வம். அந்தக் கர்வத்தோடுதான் ஆயக்குடிக்குப் போனேன்.

தோட்டத்துக்குள் நுழையும்போதே மணம் தூக்கியது. வேறு சமயமாக இருந்தால் நின்று மூச்சை இழுத்திருப்பேன். மரத்தடியில் பழம் விழுந்து கிடந்தது. விழுந்ததில் ஈ மொய்த்தது. தோட்டக்காரர் என்னைப் பார்த்ததும் கையிலிருந்த கூடையைக் கீழே போட்டார்.

"ஏனுங்க அம்மணி, எப்பங்க உங்க மெஷினு வருது?"

"புரட்டாசியில வந்துரும்ண்ணே. எழுத்துல வாங்கிட்டேன்."

"புரட்டாசியில வந்து? மரத்தை அரைக்கறதுக்குங்களா?" குரல் தோட்டம் முழுக்கக் கேட்டது. "பழம் இன்னைக்கு உதுருது. மண்டிக்காரன வேண்டாம்னு சொன்னது உங்களுக்கோசரந்தானுங்க. செங்காயாப் பறிச்சிருந்தா போன மாசமே காசாயிருக்கும். ஒவ்வொரு வாட்டி போன் பண்ணறப்பவும் வந்துரும், வந்துரும்னீங்க. ஒரு தேதி சொன்னீங்களா?"

சொல்லவில்லை. பட்டறைக்காரர் எனக்குச் சொன்னதை அப்படியே வாங்கி அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு அங்கே நிற்கவே கூசியது. கோபப்படக்கூட ஆள் இல்லை.

"மண்டிக்கே போட்டுருங்கண்ணே" என்றேன். "எங்களுக்காக வைக்க வேண்டாம்."

"அதைச் சொல்றதுக்கு இவ்வளவு நாளாச்சுங்களா?" என்று கேட்டுவிட்டு அவர் திரும்பி நடந்தார். பழுத்த பழத்தை மண்டியில் பாதி விலைக்குக்கூட எடுக்கவில்லை. முன்பு வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய அதே மண்டிக்காரரின் முன்னால்தான் அவர் நிற்க வேண்டியிருந்தது. அந்த ஆள் கையால் தள்ளித் தள்ளிப் பழத்தைப் பார்த்தானாம். பாக்கியை ஜூஸ் கடைக்காரர்கள் பொறுக்கிப் போனார்கள், மீதி மண்ணுக்குப் போனது. தம்பி இதையெல்லாம் எனக்கு வந்து சொன்னான்; எனக்கு அந்தப் பக்கம் போக முகம் இல்லை.

மெஷின் சொன்ன தேதியில் வந்தது. ஒருநாள் பிசகவில்லை. முதல் தேதிக்கு வராத ஆள் ரத்து செய்வேன் என்றவுடன் வருகிறார் என்றால், ஆனியிலேயே வந்திருக்க முடியும் என்றுதானே அர்த்தம்? அதை நினைத்து நான் இன்னும் அதிகமாகக் கொதித்தேன். தம்பி பூசணிக்காயும் சூடமும் வாங்கி வைத்திருந்தான். லாரி டிரைவர் டெலிவரி சலானை நீட்டினார். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நான் அதில் எழுதினேன்: "தாமதத்துக்கான நஷ்டஈட்டைக் கோரும் உரிமையை விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொள்கிறோம்." ஒன்றும் எழுதாமல் வாங்கி வைத்துக்கொண்டால் தாமதத்தை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும், பிறகு நஷ்டஈடு கேட்கமுடியாது. இது மில்லில் ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டது.

டிரைவர் சலானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதெல்லாம் எழுதக்கூடாதுக்கா. ஓனர் என்னைய ஏசுவாரு."

"உங்க ஓனருகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க இறக்குங்க" என்றேன்.

பட்டறைக்காரர் போனில் வந்தார். அன்றைக்குத்தான் அவர் முதல்முறையாக "சாப்பிட்டீங்களா" கேட்கவில்லை. மெஷின் ஓடியது. ஓட்டிக் காட்டிய பிறகு தர வேண்டிய கடைசிப் பத்து சதவீதத்தில் ஆறு வாரத்துக்கு மூன்றைக் கழித்துக்கொண்டு ஏழை அனுப்பினேன், கணக்கோடு ஒரு கடிதமும் வைத்து. அவர் கத்தினார், தொழில் தர்மம் என்றார், வக்கீல் என்றார். கடைசியில் கழித்ததை ஒத்துக்கொண்டு அந்தத் தொகைக்குக் கிரெடிட் நோட் அனுப்பினார். தம்பி சந்தோஷத்தில் டீக்கடையில் எல்லாருக்கும் வடை சொன்னான். ஜெயித்த மாதிரிதான் இருந்தது, எனக்கு மட்டும் வடை இறங்கவில்லை.

அந்த மூன்று சதவீதத்தை ஒரு உறையில் போட்டு எடுத்துக்கொண்டு ஆயக்குடி போனேன். அவர் வாங்க மாட்டார், நான் வற்புறுத்த வேண்டியிருக்கும் என்று வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்துகொண்டே போனேன். அவர் கை நீட்டி வாங்கினார். அங்கேயே பிரித்து எண்ணினார்.

"இது மெஷின் தாமதத்துக்கு உங்களுக்குக் கிடைச்சதுங்களா?"

"ஆமாண்ணே."

"எனக்குப் போனது இதைப்போல பல மடங்குங்க."

"தெரியும்ண்ணே."

"செரி" என்று இடுப்பில் செருகிக்கொண்டார். நான் மரங்களை நிமிர்ந்து பார்த்தேன். அடுத்த காய்ப்புக்குப் பூ விட்டிருந்தது. கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கித்தான் கேட்டேன், அடுத்த வாட்டி எங்களுக்குப் பழம் விடுவீர்களா என்று.

"விடறனுங்க அம்மணி. மெஷினுதான் வந்துருச்சே" என்றார். "ஆனா வாய்ல வேண்டாம். எந்தத் தேதியில எடுக்கறீங்க, எடுக்கலீன்னா என்ன தர்றீங்கன்னு எழுதிக் குடுங்க. அந்தத் தம்பியும் கையெழுத்துப் போடோணும்."

எங்கள் வீட்டுக் கடைக்கும் அவர் தோட்டத்துக்கும் நடுவில் அதுவரை ஒரு துண்டுக் காகிதம்கூட இருந்ததில்லை. இனி இல்லாமல் இருக்காது. ஷெட்டுக்குத் திரும்பி எழுதினேன், இருவரும் கையெழுத்துப் போட்டோம், மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றபடியே படித்தார். தேதியை மட்டும் இரண்டு முறை படித்தார்.